கொத்தமல்லி அரிந்த கை

தளியிலிருந்து ஓசூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். நான்கு வருஷம் சமைத்த சைவச் சாப்பாட்டுக் கடை பின்னால் போய்விட்டது. கடைக்காரர் போகச் சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அவர் மனைவிக்கு அந்த மழைக்காலத்தில் மூன்று முறை வலிப்பு வந்தது. மூன்றாவது முறை அடுப்பருகே விழுந்து முழங்கை வெந்துபோனது. கையில் இரும்புச் சாவி கொடுத்தும் பார்த்தார்கள், கோயிலில் மந்திரித்தும் பார்த்தார்கள். கடைசியில் பஸ்ஸேற்றி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் அந்த அம்மாவின் கைத்தோலைத் தடவி, மொச்சைப் பயறு அளவில் நகரும் கட்டிகளைக் கண்டுபிடித்தார். ஒன்றை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஸ்கேன் வராத காலம் அது; மண்டை எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே கட்டி இருந்தாலும், அது காய்ந்து கல்லாகும்வரை அதில் தெரியாது என்றார். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. பன்றி நாடாப்புழுவின் குஞ்சு, தோலில் இருப்பதுபோல் மூளையிலும் இருக்கும் என்றார்.

கடைக்காரருக்குக் கோபம் வந்தது. "நாங்க கோழிமுட்டை கூடத் தொடமாட்டோம். பன்னியா?"

"பன்றிக்கறியைச் சரியா வேகாமத் தின்னவங்க குடல்லதான் புழு வளரும். அதோட முட்டை மலத்துல வரும். கை கழுவாம சமைச்சா, இல்லே அசுத்தத் தண்ணி பாய்ச்சின கீரையைப் பச்சையாத் தின்னா, முட்டை உங்க வயித்துக்குள்ள போயிடும். அங்கே பொரிச்ச குஞ்சு ரத்தத்தோட மூளைக்கு ஏறி, கட்டியா உக்காந்துக்கும். ரொம்ப நாள் சும்மா இருக்கும். அது சாகுறப்போ சுத்தி வீங்கும், வலிப்பு வரும்."

பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்: "வீட்ல யாருக்காச்சும் மலத்துல வெள்ளையா, தட்டையா, நாடாத் துண்டாட்டம் விழுதா?"

எனக்கு விழுந்தது. அந்தக் கடைக்கு வருவதற்கு முன்பிருந்தே. சந்தை நாட்களில் ஊருக்கு வெளியே கொட்டகையில் பன்றிக்கறி தின்பவன் நான். பூச்சி யாருக்குத்தான் இல்லை என்று விட்டுவிட்டேன். கொல்லைக்குப் போய்வந்து, தண்ணீரில் கையை நனைத்துவிட்டு, சட்னிக்குக் கொத்தமல்லி அரிவேன்.

"எனக்குங்க" என்றேன்.

என் மலத்தைச் சோதித்து, வெறும் வயிற்றில் மென்று தின்ன மாத்திரை கொடுத்தார்கள். புழு செத்தது. என்னிடமிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மூளையிலிருக்கும் கட்டியைக் கரைக்க அப்போது மருந்தில்லை. வலிப்பை அடக்கும் மாத்திரை மட்டும் தினமும், வருஷக்கணக்கில், ஒருநாளும் விடாமல். அடுப்புக்கும் கிணற்றுக்கும் தனியாகப் போகக் கூடாது.

ஊர் திரும்பியதும் கடைக்காரர், "போயிடுப்பா" என்றார். அந்த அம்மாதான், "வேணும்னா செஞ்சான் அவன்? சாப்ட்டுட்டுப் போகட்டும்" என்றது. இலை போட்டது. பரிமாறிய கையில் தீக்காயக் கட்டு இருந்தது. இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை ஓசூர் பஸ் நிலையத்தருகே ஒரு ஓட்டலில் ஆள் தேடினார்கள்.

"சட்னி, சாம்பாரெல்லாம் வருமாய்யா?"

"வராதுங்க."

"பின்னே என்னதான் வரும்?"

"விறகு பிளப்பேன்."

கோடாலியைக் காட்டினார்கள். எடுத்துக்கொண்டேன்.