பின் சீட் அமுங்கிய டீசல் கார்

மத்திகிரியிலிருந்து ஓசூர் பஸ் நிலையத்தை நோக்கிப் பையும் போர்வையுமாக நடந்துகொண்டிருந்தேன். அன்று மதியம்வரை எனக்குப் படுக்க இடம் இருந்தது: பழைய கார் விற்கும் யார்டில், கடைசி வரிசையில் நின்ற வெள்ளை டீசல் காரின் பின் சீட். அந்தக் கார் விற்றுப்போய்விட்டது. அதை விற்ற விளம்பரத்தை எழுதியது நான்தான்.

யார்டில் வண்டி துடைப்பதும் இரவுக் காவலும் என் வேலை. பல கம்பெனிகளில் ஹெல்ப்பராக இருந்து, எதிலும் நிலைக்காமல் அங்கே வந்து சேர்ந்திருந்தேன். ஓசூரில் அறை கேட்டால் அட்வான்ஸ் கேட்பார்கள். வெள்ளைக் கார் எதுவும் கேட்கவில்லை.

அது விற்காததற்குக் காரணம் யார்டு ஓனரின் விளம்பரம். ஆன்லைனில் தலைப்பாக, 'ராசியான குடும்ப வண்டி, அவசர விற்பனை' என்று போட்டிருந்தார். வண்டியின் பெயரும் இல்லை, வருஷமும் இல்லை. வருஷத்தைப் போட்டால் எவனும் போன் பண்ண மாட்டான், போனில் பேசி மடக்கிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. போன் வந்தால்தானே மடக்குவது? ராசியான வண்டி என்று யாரும் தேடுவதில்லை. மற்ற வண்டிகளுக்கு வந்த போன்களை நான்தான் எடுப்பேன். எல்லோரும் ஒரே மாதிரி கேட்பார்கள்: எந்த வண்டி, எந்த வருஷம், டீசலா பெட்ரோலா, எத்தனையாவது ஓனர், தமிழ்நாடு நம்பரா கர்நாடகா நம்பரா.

புது வண்டிகளுக்கு இடம் வேண்டும் என்று ஓனர் நெருக்கியபோது அவர்கள் கேட்கும் அதே வரிசையில் தலைப்பை எழுதினேன்: கம்பெனி, மாடல், 2014, டீசல், இரண்டாவது ஓனர், டிஎன் 70. கீழே ஓடிய கிலோமீட்டர், இன்சூரன்ஸ் முடியும் மாதம், ஏசி வேலை செய்கிறது, இடது பின்கதவு பெயின்ட் அடித்தது, பின் சீட் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும்.

ஓனர் படித்துப் பார்த்தார். "கொறையெல்லாம் எதுக்குப்பா எழுதற?"

"நேர்ல வந்து பாத்துட்டுத் திரும்பிப் போறாங்கண்ணா. தெரிஞ்சே வர்றவன் திரும்ப மாட்டான்."

"சீட்டு ஏன் அமுங்குச்சு?"

"நான்தான் படுக்கறேன்."

 சரி, அதுவும் இருக்கட்டும் என்றார்.

சில நாட்களில் அஞ்செட்டியிலிருந்து ஒரு மாட்டு வியாபாரி வந்தார். அவர் ஊர்ப்பக்கம் பஸ் குறைவு. மலை ஏற டீசல் வேண்டும், தமிழ்நாடு நம்பர் வேண்டும், 2013க்குக் கீழே வேண்டாம் என்று மகன் போனில் தேடியபோது எங்கள் வண்டி வந்ததாம். கதவை ஒருமுறை தட்டிப் பார்த்தார். சீட்டில் உட்கார்ந்து பார்த்து, கன்னடத்தில் மகனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். குறைத்துத் தரும்படி அதிகம் கேட்கவில்லை. வண்டி புறப்படும் முன் என் போர்வையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஓனருக்குச் சந்தோஷம். இனி எல்லா விளம்பரமும் நீதான் எழுதணும் என்றார். எங்கே படுப்பது என்று கேட்டேன்.

"மத்த வண்டில படுக்காதப்பா. சீட்டு போயிரும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. வேலையை விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு பஸ் நிலையத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். மறுநாள் காலை கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு வாட்டர் வாஷ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எந்தக் காரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. ஆனால் பம்பு செட் அறையில் ஒரு கட்டில் கிடந்தது.