தேடினால் கிடைக்காத நிலா

பாட்டுக்கு ‘நிலா’ என்று தலைப்பு வைத்தவன் நான்தான். அந்தப் பெருமையில் இதுவரை யாரும் பங்கு கேட்கவில்லை.

தி. நகரில் பாத்திரக்கடை மாடியில் நண்பனின் ஸ்டூடியோ. இசை அவன், வரிகள் நான். பாடியவள் பக்கத்துத் துணிக்கடையில் பில் போடும் பெண். அடையாற்றங்கரையிலிருந்து ஊருக்கு வெளியே குடியேற்றப்பட்ட குடும்பம். இது அவளுடைய முதல் பாட்டு. வெள்ளிக்கிழமை வெளியாக வேண்டுமென்றால் அன்று மாலைக்குள் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும்.

நண்பன் ஒரு பாட்டுச் செயலியில் ‘நிலா’ என்று தேடி, போனை என்னிடம் நீட்டினான். பட்டியலைத் தள்ளினேன், தள்ளினேன், கட்டைவிரல் வலித்தது. உலகத்தில் எல்லோருமே நிலாவைப் பாடித் தொலைத்திருக்கிறார்கள்.

“சரி, ‘உயிரே’?”

“அதுல இன்னும் கூட்டம், மச்சி.”

‘கனவே’, ‘மௌனம்’. நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த சொற்களெல்லாம் ரங்கநாதன் தெரு மாதிரி நெரிந்தன. கடுப்பில், “‘நீலவெளி நித்திலம்’ வை. எவனும் வச்சிருக்க மாட்டான்” என்றேன்.

“எவனும் தேடவும் மாட்டான். பாட்டுலயே அது இல்லையேடா.”

பாடியவள் குறுக்கிட்டாள். “அண்ணா, எம்பேரு யாருக்குத் தெரியும்? பாட்டு பேர வச்சுத்தான் தேடணும். கெடைக்கலன்னா நான் பாடுனதும் ஒண்ணுதான், பாடாததும் ஒண்ணுதான்” என்றாள்.

ஏசி ஓடவில்லை என்று நண்பனிடம் எரிந்து விழுந்தேன்.

அவன் பாட்டில் அரை நிமிடத்தை வெட்டி, தலைப்புச் சொல்லாமல் அவள் போனிலிருந்தே கடைத் தோழிகளுக்கு அனுப்பினான். ‘இதை மறுபடி கேட்கணும்னா என்னன்னு தேடுவீங்க?’ ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே வரி: ‘ரெண்டு ஸ்டாப் தள்ளி எறங்கு.’ ஒருத்தி மட்டும் கூடவே, “இன்னாடி, உன் குரலு மாரி கீது!” என்று குரல்பதிவும் அனுப்பியிருந்தாள்.

அந்த வரி என்னுடையதல்ல. ஒத்திகையில், பஸ்ஸில் பக்கத்திலிருப்பவனை இறங்க விடாமல் கெஞ்சுவதுபோல் அவளாகப் பாடியது. ‘கவித்துவம் போதவில்லை’ என்று நான் இரண்டு முறை அடித்து நீக்கினேன். நண்பன் இரண்டு முறையும் திரும்பச் சேர்த்து, பாட்டு முழுக்க அதையே சுற்றிவர வைத்துவிட்டான். என் நிலா இரண்டாம் சரணத்தில் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்க்கும்.

செயலியில் அந்த வரியைத் தேடினோம். அந்தப் பெயரில் ஒரு பாட்டும் இல்லை. காலி பிளாட்பாரம் மாதிரி இருந்தது.

“நீயே அடி” என்று நண்பன் கணினியை என் பக்கம் திருப்பினான். பல்லைக் கடித்துக்கொண்டு நிலாவை அழித்தேன். ‘ரெண்டு ஸ்டாப் தள்ளி எறங்கு’ என்று அடித்தேன். வரிகள் எழுதியவர் என்ற இடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் சேர்த்தேன்.

பாட்டு வெளிவந்த வெள்ளிக்கிழமை என் மாமா போன் செய்தார். “தேடுன ஒடனே மொதல்ல வந்துச்சுடா! அந்த பஸ் வரி பிரமாதம். நிலான்னு ஒண்ணு நடுவுல வருதே, அத யாரு எழுதுனது?”

“தெரியல மாமா” என்றேன்.