சும்மா இருந்து கேட்ட பாடம்

ஒரு வகுப்பில் புள்ளி இல்லாமல் சும்மா இருந்து கேட்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னது நான்தான். அதை வேறு யார் மேலும் போட முடியாது.

அப்போது நான் கோப்பன்ஹேகனில் அக்காவின் வீட்டில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் சுத்தப்படுத்தும் வேலை. அதற்கு முன் டென்மார்க்கிலேயே இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை, அதற்கு முன் ஜெர்மனி, இடையில் இன்னும் சில இடங்கள். எங்கேயும் நாலு வருஷம் தாண்டியதில்லை. அக்காவின் மகன் கலியாணம் செய்து போன பிறகு அவனுடைய அறை காலியாகக் கிடந்தது. அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளை ஒரு படிப்புத் தவணைக்குக் கூட்டிவந்து படிப்பிக்கிற நிறுவனம் ஒன்று தங்க வீடு தேடியது. அக்கா பெயர் கொடுத்தாள். வந்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. தாய் தகப்பன் கோயம்புத்தூர், அவள் பிறந்தது அமெரிக்காவில். என்னை அங்கிள் என்றாள். எங்கள் தமிழ் அவளுக்குப் பாதி விளங்கும், மீதிக்குச் சிரிப்பாள்.

அவள் ஐந்து பாடம் எடுத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கிரெடிட், மொத்தம் பதினைந்து. இரண்டாம் கிழமையே டேனிஷ் மொழி வகுப்பை விட்டுவிட்டாள். அதற்கும் என் கதைதான் காரணம். காசு கட்டி வகுப்பில் டேனிஷ் படிக்கிறதோ, குசினியில் சமைக்கேக்க நான் படிப்பிக்கிறன் என்று சொல்லியிருந்தேன். படிப்பித்தேனா என்றால், பாண், பால், ‘பஸ் பிந்திவிட்டது’ என்று நாலு சொல், அவ்வளவுதான். அந்த வகுப்பு போனதும் அவளிடம் பன்னிரண்டு கிரெடிட் மிஞ்சியது. அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தம் இருந்தது. எனக்கு அது தெரியாது. அவளும் மறந்துபோயிருந்தாள்.

மிச்ச நாலில் ஒன்று புள்ளிவிவரவியல். முதல் பரீட்சையில் அவளுக்கு சி மைனஸ் வந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் பருப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அடுத்த நாள் மதியத்தோடு ஒரு கெடு முடிகிறது என்றாள். அதற்குள் ஒரு பாடத்தை ஏ, பி, சி என்ற எழுத்துப் புள்ளியோடு வைத்திருக்கலாம், பாஸ் அல்லது ஃபெயில் என்று மாற்றலாம், ஆடிட் என்று மாற்றலாம். ஆடிட் என்றால் வகுப்பில் இருக்கலாம், பரீட்சை இல்லை, புள்ளி இல்லை. மேற்படிப்புக்கு அவள் பொதுச் சுகாதாரம் படிக்க இருந்தாள். அங்கே விண்ணப்பிக்க இந்தப் பாடம் கட்டாயம், அதிலும் எழுத்துப் புள்ளி வேண்டும், வெறும் பாஸ் எடுபடாது. சி என்று பதிந்தாலோ சராசரியை இழுத்துவிடும்.

“நீங்க என்ன பண்ணுவீங்க அங்கிள்?” என்று கேட்டாள்.

அவள் என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் வந்த முதல் மாதத்தில் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். ஜெர்மனியில் ஒரு குளிர்காலம் முழுக்க பல்கலைக்கழக விரிவுரைகளை இருந்து கேட்டேன் என்றேன். போய் இருந்தது உண்மை. அகதி வழக்கு முடியாத காலம், விடுதியில் பகலில் ஹீட்டர் நிற்கும், விரிவுரை மண்டபத்தில் சூடு இருந்தது. மேல்சட்டையைக் கழற்றாமல் கடைசி வரிசையில் இருந்து நித்திரை கொண்டேன். ஊரில் பள்ளிக்கூடத்து ஓ லெவல் பரீட்சைகூட முடிக்காதவன். அவளிடம் இதையெல்லாம் விட்டுவிட்டு, படித்த ஆள்போலச் சொன்னேன்.

“ஆடிட் எண்டு போடு பிள்ளை. சும்மா இருந்து கேள். ஒண்டும் பதியாது, ஒண்டும் போகாது. ஊருக்குப் போய் திரும்ப எடு.”

அக்கா மட்டும் குறுக்கிட்டாள். “உனக்கென்னடா தெரியும்? பள்ளிக்கூடத்திலயே கேளு பிள்ளை.” நான் அவளை அடக்கினேன். காலையில் பிள்ளை படிவத்தை அனுப்பிவிட்டாள்.

அடுத்த கிழமை நடுவில் அவளுடைய கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆடிட் பாடம் கிரெடிட்டில் சேராது. இப்போது அவளிடம் ஒன்பதுதான். முழுநேர மாணவி என்பதற்குப் பன்னிரண்டு வேண்டும். கல்லூரி தன் கையால் கொடுக்கும் உதவி முழுநேர மாணவர்களுக்கு மட்டும். ஆகவே இந்தத் தவணைக்கான பங்கு ரத்தாகும். அந்த உதவி இல்லாமல் அவள் அந்தக் கல்லூரியில் படிக்கவே வழியில்லை. தகப்பனுக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது என்பதை அன்றுதான் எங்களிடம் சொன்னாள். அவள் அழவில்லை. கடிதத்தை மூன்று தரம் வாசித்தாள். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவளோடு கிளம்பினேன். வரச் சொல்லி அவள் கேட்கவில்லை.

நிறுவனத்தின் ஆலோசகர் ஒரு டேனிஷ் பெண், என் வயதிருக்கும். பொறுமையாகக் கேட்டார். மாற்றும் கெடு முடிந்துவிட்டது, இங்கே அவரால் ஒன்றும் செய்ய முடியாது, முடிவு அவளுடைய கல்லூரியின் பதிவாளரிடம் என்றார். மேன்முறையீடு எழுதலாம். விரிவுரையாளர், இவள் வகுப்பை விடவில்லை, பாட வேலைகளையும் எழுதிக் கொடுத்துவருகிறாள் என்று ஒரு குறிப்புத் தந்தால் உதவும். ஏன் மாற்றினாள் என்று காரணம் எழுத வேண்டும். அவள் எனக்கு முன்னாலேயே தட்டச்சு செய்தாள்: விதியை நான் தவறாகப் புரிந்துகொண்டேன்.

அந்த வரியை வாசித்தேன். ஆலோசகரிடம் டேனிஷில் சொன்னேன், சொன்னது நான், பல்கலைக்கழகத்தில் படித்ததாக இவளிடம் பொய் சொன்னேன், வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன் என்று. அவளுக்கு டேனிஷ் விளங்காது. குசினியில் நான் படிப்பித்தது அந்த அளவுக்குத்தான். ஆகவே தமிழிலும் சொன்னேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சரி அங்கிள். எழுதிக் கொடுங்க,” என்றாள். ஏசியிருக்கலாம்.

ஒரு பக்கம் எழுதினேன். என் டேனிஷ் எழுத்து வேலைத்தளத்து அறிவித்தல் மாதிரி இருக்கும். ஆலோசகர் திருத்தி ஆங்கிலத்தில் சேர்த்து அனுப்பினார்.

பத்து நாள் கழித்து பதில் வந்தது. தங்கியிருக்கும் வீட்டார் சொன்ன ஆலோசனை ஒரு காரணம் ஆகாது என்று ஒரு வரி. என் கடிதம் அதோடு முடிந்தது. விரிவுரையாளரின் குறிப்பை ஏற்று, பாடத்தைக் கிரெடிட்டுக்குத் திருப்ப அனுமதித்தார்கள், ஆனால் பாஸ் அல்லது ஃபெயில் என்ற முறையில் மட்டும். எழுத்துப் புள்ளிக்குத் திரும்ப வழியில்லை. ஃபெயில் ஆகாதவரை பன்னிரண்டு கிரெடிட், முழுநேரம், உதவித்தொகை தப்பியது. அக்கா பால் அப்பம் சுட்டாள். ஆனால் மேற்படிப்புக் கதவு அப்படியேதான் இருந்தது. பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அவள் எழுதிக் கேட்டாள். பாஸ் என்றிருப்பதை ஏற்கமாட்டோம், எழுத்துப் புள்ளியோடு ஒரு புள்ளிவிவரப் பாடம் வேண்டும் என்று பதில். வரும் கோடையில் வேறொரு கல்லூரியில் அதை எடுக்க வேண்டும், அது இந்த வருஷ விண்ணப்பத்துக்குப் பிந்திவிடும். மேற்படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனது.

அதன் பிறகு அவள் அந்தப் பாடத்தை இரவு பகலாகப் படித்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாஸுக்கு அவ்வளவு தேவையில்லை. ஞாயிறுகளில் நான் தேவையில்லாமல் எஸ்-ரயில் என்ற நகர ரயிலில் கடைசி நிறுத்தம்வரை போய் வந்தேன். வீட்டில் இருந்தால் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கத் தோன்றும், கொடுத்தால் நன்றி சொல்வாள்.

அவள் போன பிறகுதான் அக்கா சொன்னாள். கடைசி வகுப்பில் விரிவுரையாளர் அவளைக் கூப்பிட்டு, எழுத்துப் புள்ளி இருந்திருந்தால் ஏ மைனஸ் கொடுத்திருப்பேன், இப்போது பாஸ் என்ற ஒரு சொல்லைத்தான் பதிய முடியும் என்றாராம். இதை அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

“உன்னட்டச் சொல்ல வேண்டாமெண்டு சொன்னவள்,” என்றாள் அக்கா. “நீ கவலைப்படுவாய் எண்டு.”