கோஸ் மேல சொட்டிய கோழித் தண்ணி

சசிரேகா அன்றைக்கு யாரோடும் சண்டை போடும் எண்ணத்தில் வேலைக்கு வரவில்லை. பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, ஓட்டலின் பின்கதவு வழியாகச் சமையற்கட்டுக்குள் நுழைந்தாள். சைனீஸ் அடுப்பு அவளுடையது. பக்கத்துக் கார் கம்பெனியில் ஒயர் கோக்கும் லைனில் கான்ட்ராக்ட் முடிந்து வெளியே வந்தவள், இங்கே காய் நறுக்கச் சேர்ந்து, சண்டை போட்டுத்தான் அந்த அடுப்பை வாங்கியிருந்தாள். பொம்பளை கையில் அந்தக் கடாய் நிற்காது என்றார்கள். நின்றது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃப்ரைட் ரைஸ் ஆர்டர் மழை மாதிரி விழும். கடாய் காய்ந்தபின் தேடுவதற்கு நேரமில்லை. ஒரு கணம் திரும்பினால் பூண்டு கருகிவிடும். அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே அதனதன் இடத்தில் வைப்பாள். இடப்பக்கம் பொடியாக நறுக்கிய பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாய். அடுத்து கோஸ், கேரட், பீன்ஸ். வலப்பக்கம் சோயா சாஸ், வினிகர், உப்பு, மிளகு. கைக்கெட்டும் தூரத்தில் முட்டை. முந்தின நாளே வடித்து, தட்டில் பரப்பி ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் மூடி வைத்த சோறு. சூடான சோறு என்றால் கடாயில் குழைந்துபோகும். ஒரு டப்பா இடம் மாறினாலும் அவளுக்கு முகம் மாறிவிடும்.

சாஸ் பாட்டில்களை நிரப்பிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். காலையில் முதல் வேலையாக நறுக்கி வைத்த கோஸும் வெங்காயத்தாளும் நடுத்தட்டில் இருந்தன. அதற்கு நேர்மேலே பச்சைக் கோழி டப்பா. அதன் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்புத் தண்ணீர் கோஸ் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாக்கோபு அண்ணே."

தந்தூரி அடுப்புக்காரர் யாக்கோபு திரும்பினார்.

"கோழிய யாரு மேல வச்சது?"

"நாந்தான்."

"கண்ணு தெரியலையா உனுக்கு? கோழி எப்பவும் அடித்தட்டுதானே?"

"அடித்தட்டுல எங்க எடம் கீது? கூல்டிரிங்ஸ் அடுக்கிட்டாங்க. மேனேஜர்தான் மேல வைன்னாரு."

குனிந்து பார்த்தாள். அடித்தட்டு முழுக்கப் பாட்டில்கள். ஏதோ கம்பெனிப் பார்ட்டிக்காம். யாக்கோபு மேலிருந்த கோபம் அங்கேயே தீரவில்லை. ஆனால் போய்ச் சேரவேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

மேனேஜர் புருஷோத்தமன் வந்து எட்டிப் பார்த்தார். "இதுக்கா இவ்ளோ சத்தம்? நல்லாக் கழுவிப் போடும்மா. நெருப்புல போட்டா எல்லாம் செத்துடும்."

"வெங்காயத்தாள் நெருப்புல போறதில்ல சார். மேல தூவுறது. பச்சையாத் துன்னுவாங்க."

"இப்ப கம்பெனி ஷிப்ட் ஆளுங்க சாப்பிட வந்துடுவாங்க. புதுசா நறுக்க டைம் கீதா?"

"இல்ல. அதுக்காக இத்தப் போடச் சொல்றியா? உன் வூட்டுப் புள்ளைக்குப் போடுவியா?"

புருஷோத்தமன் முகம் சுருங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் சசிரேகா கோஸையும் வெங்காயத்தாளையும் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். கோழி டப்பாவை இறக்கினாள். கூல்டிரிங்ஸ் பாட்டில்களை வாரி வெளியே, மேனேஜர் கால்பக்கம் தரையில் வரிசையாக வைத்தாள். அடித்தட்டில் கோழியைத் தள்ளினாள். சிந்தின தட்டுகளைச் சோப்புப் போட்டுத் துடைத்து, கிருமிநாசினி தெளித்தாள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"வெஜ் ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ் கொஞ்ச நேரத்துக்கு இல்லன்னு சொல்லு" என்று ஆர்டர் எடுக்கும் அமலாவிடம் சொன்னாள். "முட்டை ரைஸ், பூண்டு ரைஸ் மட்டும் எடு."

கூட்டம் வந்தது. முட்டையும் பூண்டும் சோறுமாகக் கடாய் ஓயாமல் புரண்டது. வெளியே நாலைந்து பேர் முணுமுணுத்தபடி எழுந்து போனதாக அமலா சொன்னாள். நடுவில் யாக்கோபு புதுப் பலகையும் கத்தியும் எடுத்து, கையைக் கழுவிக்கொண்டு, மீதமிருந்த ஒரு முழுக் கோஸை நறுக்கத் தொடங்கினார். சசிரேகா நன்றி சொல்லவில்லை.

"இன்னும் மெலிசா வெட்டு" என்றாள்.

அவர் மெலிசாக வெட்டினார்.

கூட்டம் வடிந்ததும் புருஷோத்தமன் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஓனர் போன் பண்ணாரு, ஏன் ஐட்டம் இல்லன்னு. கேஸ் பிரஷர் கம்மின்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லிடு."

அதுவரை அடங்கிக்கொண்டிருந்தது மறுபடி தலைக்கேறியது. பொய் சொல்ல அவளுடைய அடுப்புத்தானா கிடைத்தது?

"என் அடுப்பு நல்லாத்தான் எரிஞ்சுது சார்."

அமலாவிடம் போனை வாங்கி, அங்கேயே, மேனேஜர் எதிரிலேயே ஓனருக்குப் போட்டாள். கோழி எங்கே இருந்தது, ஏன் இருந்தது, எதைக் கொட்டினாள் என்று மூச்சு விடாமல் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஓனர், போனை மேனேஜரிடம் கொடுக்கச் சொன்னார்.

புருஷோத்தமன் போனோடு வெளியே போனார். என்ன பேசினார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. சாயங்காலம் பாட்டில்களுக்கென்று ஒரு ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. கூடவே புருஷோத்தமன், மறுவார அட்டவணையில் அவளுடைய வார லீவை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து செவ்வாய்க்கு மாற்றி எழுதினார்.

அதற்கும் அவள் சண்டை போடத்தான் போகிறாள். அன்று சாயங்காலம் மட்டும் பூண்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாளுக்குச் சோறு வடிக்க அரிசியைக் களையத் தொடங்கினாள்.