மட்டமாகத் தெரிந்த அடுக்குகள்

அந்தக் கடிதத்தை நான் ஒரு திங்கட்கிழமை பிற்பகலில் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம், பதினொரு வரி. ஐந்தாவது வரி இது: "பாறை அடுக்குகள் மட்டமாக அமைந்திருப்பதால், மேட்டின் அடியில் தற்காலிகப் பந்தல் போடுவதில் தடையில்லை."

ஈப்போவில் ஒரு சிறிய நில ஆய்வு அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சாலை வெட்டும் இடங்களில் பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கே விரிசல் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பெரும்பாலும் முதலில் புகைப்படம் வரும். அதைப் பெரிதாக அச்சடித்து, மேலே ஒளிபுகும் தாளை விரித்து, அடுக்குகளின் கோடுகளை வண்ணப் பேனாவால் வரைவேன். பிறகு இடத்துக்குப் போய்ச் சரிபார்ப்பேன். இந்த ஒரு முறை போகவில்லை.

கேட்டவர் ஒரு கோயில் தலைவர். கோயில் இருப்பது ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில். மரங்களை அழித்துச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, போட்டு நாளாகிவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் போய்விட்டன. கோயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தோட்டத்துச் சாலைகளுக்கு அந்தக் காலத்தில் மண் வெட்டியெடுத்த ஒரு குன்று. வெட்டிய பக்கம் செங்குத்தான பாறைச் சுவராக நிற்கிறது, மூன்று மாடி உயரம். அதன் காலடியில் ஒரு கல், அதுதான் முனியாண்டி. அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிழா. முன்னூறு பேருக்குச் சாப்பாடு. மழைக்காலம் என்பதால் சாமிக்கு முன்னால் பந்தல் போட நினைத்தார்கள். சுவரிலிருந்து கல் விழுமோ என்று யாரோ கேட்க, தலைவர் எனக்கு ஐந்து படங்கள் அனுப்பினார்.

படங்கள் தெளிவாக இருந்தன. வெளிறிய மணற்பாறை அடுக்குகள் முழங்கை அளவு தடிப்பு. இரண்டு மணற்பாறைகளுக்கு நடுவே விரல் தடிப்பில் சாம்பல் நிறக் களிப்பாறை. மணல், களி, மணல், களி. இருபது முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமில்லாத கடல் இருந்திருக்க வேண்டும். புதைபடிவம் கிடைக்காமல் வயதை அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது. நீரோட்டம் வலுத்தபோது மணல் படிந்தது. நீர் அசைவற்றுக் கிடந்தபோது களி படிந்தது. அடியில் இருப்பது மூத்தது, மேலே போகப் போக இளையது. இரண்டு அடுக்குகளுக்கு இடையிலுள்ள ஒரு கோடு சில நாட்களாக இருக்கலாம், சில ஆயிரம் ஆண்டுகளாகவும் இருக்கலாம். கோடு அதைச் சொல்லாது. கோடுகள் எல்லாம் இடமிருந்து வலமாக, நோட்டுப் புத்தகத்தின் வரிகள்போல மட்டமாக ஓடின. கடலடியில் படிந்தபோது எப்படிக் கிடந்தனவோ அப்படியே கிடக்கின்றன என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை அலுவலகத்தில் அந்தப் படங்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் இரண்டு விவரம் எழுதுவது என் பழக்கம்: எடுத்தவர் நின்ற இடம், கேமரா பார்த்த திசை. முதல் படத்தில் எழுதினேன்: கோயில் வாசல், வடக்கு. இரண்டாவது: கோயில் வாசல், வடக்கு. ஐந்தாவது படத்துக்கு வந்தபோது பேனாவை வைத்துவிட்டேன். ஐந்துக்கும் ஒரே விவரம்.

நான்காவது படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். சுவர் படிக்கட்டுபோல உடைந்திருந்த இடங்களில் மேசைப்பரப்பு போன்ற வழவழப்பான திட்டுகள் தெரிந்தன. அவற்றில் அலைத்தடங்கள் இருந்தன, தண்ணீர் இப்போதுதான் வடிந்ததுபோல. நடுவே எழுத்துமாதிரி நெளிந்த கோடுகள். ஏதோ புழு ஊர்ந்த தடம். அதன் உடல் இல்லை. போன வழி மட்டும் இருந்தது.

அலைத்தடம் அடுக்கின் மேல்பரப்பில்தான் இருக்கும். வாசலில் நிற்கும் ஒருவருக்கு, தலைக்கு மேலே இருக்கும் அடுக்கின் மேல்பரப்பு தெரியக்கூடாது. தெரிகிறது என்றால் அந்த அடுக்கு மட்டமாக இல்லை. பார்ப்பவரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்தக் கடலடி முழுவதும் வாசல் பக்கம் இறங்கி வருகிறது. நேர் எதிரே நின்றதால் எனக்கு மட்டமாகத் தெரிந்திருக்கிறது.

பத்து மணிக்குக் கோயிலில் இருந்தேன். இரண்டு பேர் குழி தோண்டி இரும்புக் கம்பங்களை நட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"வாங்க தங்கச்சி! கல்லு டாக்டர் நேர்லயே வந்துட்டாங்க. கடுதாசிய பிரேம் போட்டு மாட்டிருக்கேன், பாத்தீங்களா?"

"அண்ணே, அந்தக் கடுதாசிய கழட்டிருங்க. தப்பா எழுதிட்டேன்."

கம்பம் நட்டவர்களில் ஒருவர் சிரித்தார். "தலைவரே, டாக்டரே மருந்த மாத்துறாங்க லா."

தலைவர் சிரிக்கவில்லை. "திங்கக்கிழம நல்லா இருந்த கல்லு புதன்கிழம கெட்டுப்போச்சா?"

கோயிலை ஒட்டியிருந்த சமையல் கொட்டகையின் தகரக் கூரையைக் காட்டினேன். "இங்கேருந்து பாருங்கண்ணே. கூரையோட ஓரம் எப்படித் தெரியுது?"

"நேரா தெரியுது."

"கூரை நேராவா இருக்கு? மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் வரும்?"

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். 

"பக்கவாட்டுல நின்னு பாத்தாத்தான் சாய்வு தெரியும். ஏன் அஞ்சு படமும் வாசல்லேருந்தே எடுத்தீங்க?"

"வேற எங்கேருந்து எடுக்கிறது? கெழக்கால ஓடை இருக்கே, அது சாமி நடக்கிற பாதை. அதுல நாங்க குறுக்க நிக்கமாட்டோம். போட்டோவும் எடுக்கமாட்டோம். எங்க அப்பா காலத்துலேருந்தே அப்படித்தான்."

படம் அனுப்பச் சொன்னபோது நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் மீது குறை சொல்ல எனக்கு இடமில்லை.

"நான் போறேன்ணே. நீங்க வரவேண்டாம்."

"தனியா எப்படிப் போவீங்க." அவர் எழுந்து செருப்பைக் கழற்றினார். கல்லின் முன் கற்பூரம் ஏற்றி, வாய்க்குள் எதையோ சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் நடந்தார். நானும் காலணியைக் கழற்றினேன்.

ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுக்குத்தான் இருந்தது. பத்தடி போனதும் கோயிலில் கம்பம் அடிக்கும் சத்தம் கேட்கவில்லை. செம்பனை ஓலைகள் மேலே மூடியிருந்தன. பறவைகள் இருந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் கேட்டதாக நினைவில்லை. ஓடை குன்றின் ஓரத்தை அறுத்துக்கொண்டு போயிருந்ததால், அடுக்குகள் அங்கே வெட்டுமுகமாகத் தெரிந்தன. மேற்கே பார்த்து நின்றேன். என் வலப்பக்கம் உயரத்திலிருந்து இடப்பக்கம் தாழ்வாக, ஒவ்வொரு அடுக்கும் சரிந்து இறங்கியது. இடப்பக்கம் கோயில். சாய்வுமானியை வைத்து அளந்தேன்: முப்பத்திரண்டு பாகை. சுவர் அதைவிடச் செங்குத்தானது. அதனால் அடுக்குகள் சுவரின் முகத்தில் வந்து முடிகின்றன; கீழே அவற்றைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. மலைகள் எழுந்த காலத்தில் சாய்ந்தவை அவை. அடிவாரத்தை மனிதர்கள் வெட்டியெடுத்தது நேற்று.

மணற்பாறைகளுக்கு நடுவேயிருந்த களி அடுக்கில் விரலை வைத்தேன். இரண்டாவது கணு வரை உள்ளே போனது. பாறையாக இருந்தது மறுபடியும் சேறாகிவிட்டிருந்தது. மூன்று நாளாக மழை இல்லை. ஆனாலும் ஈரம், குளிர்ச்சி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அசையாத நீரில் படிந்த சேறு என் நகத்துக்குள் இருந்தது. அதைத் துடைக்க ஏனோ கொஞ்சம் நேரமானது.

தலைவர் தண்ணீர் போத்தலைத் திறந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓர் அடுக்கின் மேல் ஊற்றினார். நான் சொல்லவில்லை, அவராகவே செய்தார். தண்ணீர் அலைத்தடங்களின் பள்ளங்களை நிரப்பிக்கொண்டு, ஒன்றைத் தாண்டி ஒன்றாக, பந்தல் இருக்கும் பக்கம் இறங்கியது.

"மேல போவோம்," என்றார்.

ஓடையோரமாகவே ஏறிக் குன்றின் உச்சிக்கு வந்தோம். சுவரின் விளிம்பிலிருந்து எட்டு அடி பின்னால், புல்லுக்குள், விளிம்புக்கு இணையாக ஒரு பிளவு ஓடியது. கையை நுழைக்கும் அகலம். குறுக்கே சில வேர்கள் கம்பிபோல விறைத்திருந்தன. இரண்டு அறுந்திருந்தன, அறுந்த முனை இன்னும் வெள்ளையாக இருந்தது. பிளவுக்கு அந்தப் பக்கத்துப் புல் இந்தப் பக்கத்தைவிட ஒரு விரல் தாழ்ந்திருந்தது.

தலைவர் ஒரு கூழாங்கல்லை எடுத்து உள்ளே போட்டார். ஒரு தட்டல் கேட்டது. பிறகு இன்னொன்று, தூரத்தில். பிறகு ஒன்றுமில்லை. இன்னும் வரும் என்று இருவரும் குனிந்தபடியே நின்றோம்.

"அலாமாக்," என்றார் அவர், ஐயோ என்பதுபோல, மிகவும் மெதுவாக. விளிம்புக்கு அப்பால், கீழே வேலை செய்தவர்களின் தலைகள் எங்களுக்குத் தெரிந்தன. அவர் கத்தவில்லை. கத்தினால் அந்தப் புல் அசையும் என்று பயந்ததுபோல, கைப்பேசியை எடுத்து அவர்களில் ஒருவரை அழைத்தார்.

"தம்பி, கம்பத்த விட்டுரு. ரெண்டு பேரும் வெளிய வந்துருங்க. கேள்வி கேக்காத. மெதுவா நடந்து வா."

அவர்கள் வாசலைத் தாண்டும் வரை நாங்கள் அசையவில்லை.

அன்று மதியமே இரண்டாவது கடிதத்தை எழுதினேன். முதல் வரியில் முந்தைய கடிதம் தவறு என்று எழுதி, தவறு என்ன என்பதையும் எழுதினேன். சுவரிலிருந்து வாசலுக்கு முன்னாலுள்ள சாலை வரை யாரும் நிற்கவோ உட்காரவோ கூடாது என்றேன். நகல் ஒன்றை மாவட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"எப்ப விழும்?"

"தெரியாதுண்ணே. அடுத்த பெரிய மழையில விழலாம். எனக்கு அப்புறம் அம்பது வருஷம் கழிச்சும் விழலாம்."

"யாரும் நிக்கக்கூடாதுன்னு போட்டிருக்கீங்க." அவர் அந்த வரியில் விரலை வைத்திருந்தார். "சாமி நிக்கலாமா?"

நான் என்ன சொன்னேன் என்று அன்றைய குறிப்பில் இருக்கிறது: கடிதம் ஆட்களுக்கு மட்டும்தான் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். சமாதானமானாரா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு சாலைக்கு அந்தப் பக்கம், செம்பனைகளுக்கு நடுவே நடந்தது. பூசையைச் சாலையிலிருந்தே செய்தார்கள். சூடத்தட்டை அங்கிருந்தே குன்றை நோக்கிக் காட்டினார்கள். காலையிலிருந்து தூறல். பாய் விரித்தவர்கள் எதிரெதிராக உட்காரும்படி இரண்டு வரிசையாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் குன்றுக்கு முதுகைக் காட்டி உட்கார யாரும் வரவில்லை. ஒரு பக்கத்து இலைகள் காலியாகவே கிடந்து மழையில் நனைந்தன. மற்றப் பக்கம் இடமில்லாமல் நெருக்கியடித்து உட்கார்ந்து, எல்லாரும் குன்றையே பார்த்தபடி சாப்பிட்டார்கள்.  குழந்தைகள்கூட.