அத்தை என்னும் கரிசல் மண்

கோவில்பட்டியில் வேளாண்மைப் பட்டயம் படித்தபோது, மண், பருவம், பாசனம் எல்லாவற்றையும் ஒப்பீட்டு அட்டவணைகளாக எழுதி வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்தான். தோற்றுவிட்டு ஊருக்குள் எப்படி நடப்பது? அட்டவணைக் கட்டங்கள் மனத்தில் நிற்காததால், கட்டத்துக்கு ஒரு சொந்தக்காரரை நினைவில் உட்கார வைத்துப் படித்தேன்.

வாய்மொழித் தேர்வில் கரிசலையும் செம்மண்ணையும் ஒப்பிடச் சொன்னார் தேர்வாளர். பயத்தில் உளறிவிட்டேன்.

"கரிசல் எங்க அத்தை சார். நனைஞ்சா உப்பிருவாவ, காஞ்சா வெடிச்சிருவாவ. வாங்கின ஈரத்த லேசுல விடமாட்டாவ. செம்மண் அவிய வீட்டு மாமா. எவ்வளவு ஊத்துனாலும் நிக்காது."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அத்தையில எப்பம்மா விதைக்கணும்?"

"புரட்டாசி, ஐப்பசியில சார். மானாவாரியா பருத்தி, சோளம், உளுந்து."

"மாமாவுக்குப் பாசனம்?"

"சொட்டுநீர் சார். அத்தை அவருக்குக் காப்பியக்கூட அப்படித்தான் சொட்டுச் சொட்டா ஊத்துவாவ."

அவர் சிரித்துக்கொண்டே முழு மதிப்பெண் போட்டார்.

"என்னட்டி கேட்டாவ?" என்றார் அத்தை, வீட்டில்.

"பூரா உங்களப் பத்தித்தான் அத்தை."

காலேஜில் தன்னைப் பாடமாக வைத்திருப்பதாக, மறுநாளே கழுகுமலை வரை சொல்லி முடித்துவிட்டார்.