நாலு நிமிடம் முந்தி மறையும் வெளிச்சம்

குற்றாலத்தில் நாங்கள் இருந்த வீட்டுக்கு வாடகை குறைவு. காரணம், அது ஊருக்குள் இல்லை. தென்னந்தோப்பைத் தாண்டி, மலையின் காலடியில், முதுகை மலைக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தது. “மலைப் பக்கம் பொழுசாஞ்சா ஒரு பய வர மாட்டான், பயப்படாதீங்க” என்று வீட்டுக்கார அண்ணாச்சி சாவியைக் கொடுத்தார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ, யாரும் வராத இடத்தில் ஒருத்தன் வந்தால் பார்ப்பதற்கும் யாரும் இருக்க மாட்டார்களே என்றுதான் தோன்றியது.

நாங்கள் ஒளிந்திருந்தோம். என் கணவரும் நானும் ஒரே கல்லூரியில் பிஎஸ்சி இயற்பியல் படித்தவர்கள். மொட்டை மாடியில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு வானம் பார்க்கிற ஒரு கும்பல் அங்கே இருந்தது, அதில்தான் பழக்கம். சாதி வேறு. என் அண்ணன்கள் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள் என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தோம். எழுதிக் கொடுத்த தாளா வந்து வாசலில் காவல் நிற்கும்?

அவர் தென்காசியில் ஒரு டியூஷன் சென்டருக்குப் பாடம் எடுக்கப் போவார். பெரும்பாலும் ஏழு மணிக்குள் வந்துவிடுவார். அதுவரை நான் கதவைப் பூட்டிக்கொண்டு, அந்த சென்டருக்கே கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருப்பேன். மாடிக்குப் போவதில்லை, முற்றத்தில் நிற்பதில்லை. வானம் பார்த்து வளர்ந்த காதல், கடைசியில் வானமே தெரியாத வீட்டில் வந்து முடிந்ததே என்று கேலி பேசிக்கொள்வோம். மற்றவர்கள் முன்னால் “என்னங்க” போடும் நான், வீட்டுக்குள் அவரைக் கல்லூரியில் கூப்பிட்ட மாதிரி “ஏலே” என்றுதான் கூப்பிடுவேன். அந்த வீட்டில் எனக்கிருந்த சுதந்திரம் அது ஒன்றுதான்.

மே மாதக் கடைசி. சாரல் இன்னும் தொடங்கவில்லை. இருட்டிய பிறகு சமையலறை ஜன்னலில் மறைப்புக்குத் தொங்கவிட்டிருந்த பழைய சேலையை விலக்கியபோது தற்செயலாகப் பார்த்தேன். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மறுபக்கம் பக்கத்துத் தோப்பின் மதில். நடுவில் மலையில் ஒரு துண்டு மட்டும் தெரியும். அந்தத் துண்டின் உச்சியில், இரண்டு மரங்களுக்கு நடுவே, ஒரு வெளிச்சம். சிவப்பாகவும் பச்சையாகவும் நடுங்கியது. கொஞ்ச நேரம் நின்றது, பிறகு யாரோ கையால் பொத்தியது போல அணைந்தது. சேலையை இழுத்து ஜன்னலை மூடினேன்.

மறுநாளும் வந்தது. ஏறக்குறைய அதே நேரம், அதே இடம். அவரிடம் சொன்னேன்.

“அது சிரியஸ் நட்சத்திரமா இருக்கும்ட்டி. இந்த மாசத்துல அந்தப் பக்கந்தான் இறங்கும்” என்றார்.

“இருக்கும்னு சொல்லாத. ஆளா இருந்தா?”

போனில் வான வரைபடத்தைத் திறந்தார். அந்தத் திசையில் சிரியஸ் இருப்பதாக அதுவும் காட்டியது. ஆனால் ஜன்னலின் இரும்புக் கம்பிப் பக்கத்தில் வைத்தால் போனின் திசைகாட்டி கிறுக்குப் பிடித்துச் சுற்றியது. அதோடு, அங்கே ஒரு நட்சத்திரம் இருக்கிறது என்று போன் சொல்லும். நட்சத்திரத்துக்குக் கீழே டார்ச்சோடு ஒருவன் உட்கார்ந்திருக்கிறானா என்று அது எப்படிச் சொல்லும்? இருப்பதா, அன்றைக்கே வீட்டைக் காலி செய்வதா என்பதுதான் எங்கள் கேள்வி. போக வேறு இடமும் இல்லை.

நேரத்தைப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒன்றுதான் தெரியும். அந்த வாரம் கேள்வித்தாளில் நானே வைத்திருந்த கணக்கும் அதுதான். பூமி தன்னைத்தானே முழுசாக ஒரு சுற்று சுற்ற இருபத்துநாலு மணி நேரம் ஆவதில்லை. நாலு நிமிடம் குறைவு. மறுநாள் பகல் முழுக்கப் பயத்தில் கை ஓடாமல், எலுமிச்சம்பழத்தில் ஒரு கிராம்பைக் குத்தி, செம்புக்குப் பக்கத்தில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். செம்பு சூரியன், பழம் பூமி, கிராம்பு நாங்கள். கிராம்பு செம்பையும், அதற்கு நேர் பின்னால் இருக்கிற ஜன்னலையும் பார்த்து நிற்கிறது. பழம் ஒரு முழுச் சுற்று சுற்றி முடிக்கும்போது, செம்பைச் சுற்றுகிற தன் பாதையிலும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அதனால் கிராம்பு பழையபடி ஜன்னலைப் பார்த்துவிடும், செம்பை மட்டும் பார்க்காது. செம்பைப் பார்க்க இன்னும் ஒரு சிட்டிகை திரும்ப வேண்டும். அந்தச் சிட்டிகைக்கு ஆகிற நேரம்தான் நாலு நிமிடம். நம் கடிகாரம் சூரியனுக்காகச் செய்தது, அது அந்த நாலு நிமிடத்தையும் சேர்த்துத்தான் ஒரு நாள் என்கிறது. நட்சத்திரம் ரொம்பத் தொலைவில், ஜன்னலுக்கும் அப்பால் இருக்கிறது. அதற்கு முழுச் சுற்றே போதும். ஆகவே அது நம் கடிகாரப்படி தினமும் நாலு நிமிடம் முந்தியே வந்து முந்தியே மறையும்.

மனிதன் அப்படி இல்லை. வேலைக்கு வருகிறவனும் வேவு பார்க்க வருகிறவனும் கடிகாரத்தைப் பார்த்து வருகிறவன்தான். முந்தி வருவான், பிந்தி வருவான். நாள் தவறாமல் நாலு நிமிடம் முந்தி வர மாட்டான்.

தரையில் சாக்பீஸால் பாதம் வரைந்து, அதில் நின்று, விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம். முதல் நாள் வெளிச்சம் ஏழு நாற்பத்தேழுக்கு மறைந்தது. மறுநாள் நாற்பது தாண்டியதிலிருந்தே அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பத்துமூன்றுக்கு மறைந்தது. ஒரு நாளை நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் ஏழு முப்பத்தொன்பது.

நான் அழுதேன். வெட்கமே இல்லாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். “ஏட்டி, நட்சத்திரத்தைப் பாத்து அழுத மொத ஆளு நீதான்” என்று அவர் சிரித்தார். அன்றைக்குத்தான் அந்தச் சமையலறையில் விளக்கைப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து தோசை சுட்டேன். இந்தப் பக்கமாவது காற்று வரட்டுமே என்றிருந்தது. ஜன்னலுக்குத் தொங்கவிட்டிருந்த பழைய சேலையையும் அவிழ்த்து மடித்து வைத்தேன்.

பிறகு சாரல் பிடித்துக்கொண்டது. மலையை மேகம் மூடிவிட்டது. அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று ஊரெல்லாம் கூட்டம், கார், பஜ்ஜிக் கடை. எங்களுக்கு அதுவும் பயம்தான். கூட்டத்தில் யார் எதற்கு வந்தான் என்று எப்படித் தெரியும்? ஜன்னலில் வெள்ளையாக மேகம் மட்டும் தெரிந்தது. இரண்டு வாரம் போல அப்படியே போனது.

ஜூன் நடுவில் ஒரு சாயங்காலம் மேகம் விலகியது. பாத்திரம் கழுவிக்கொண்டே நிமிர்ந்தேன். இரண்டு மரங்களுக்கு நடுவே வெளிச்சம்.

“ஏலே, நம்ம ஆளு வந்துட்டான்” என்றேன். அவர் வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்துக் கையசைத்தார். “சௌக்கியமாய்யா?” என்று சத்தமாகவே கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஈரக் கையால் நானும் டாட்டா காட்டினேன். மறுநாளும் அப்படியே. அவர் தொலைநோக்கிக் கதைகளையெல்லாம் மறுபடி பேச ஆரம்பித்தார். எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

மூன்றாம் நாள் அவர் வரத் தாமதமானது. தென்காசியில் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை என்று போன் செய்தார். அவர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நேராகச் சமையலறைக்கு வந்து ஜன்னலில் கையைத் தூக்கினார். வெளிச்சம் இருந்தது. சோறு வடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று, ஆறிப்போயிருக்குமே என்று நான் போனில் மணியைப் பார்த்தேன்.

ஏழு நாற்பத்தைந்து.

முதலில் எனக்குப் புரியவில்லை. ஏழு நாற்பத்தைந்து என்பது பழக்கமான எண்ணாக, சரியான எண்ணாகத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கணக்கு உறைத்தது. நாளுக்கு நாலு நிமிடம் என்றால் இரண்டு வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். சிரியஸ் இப்போது ஏழு மணிக்கு முன்னாலேயே, இருட்டுவதற்குள்ளேயே அந்த மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருக்கும். அதே தடத்தில் பின்னால் வரக்கூடிய பெரிய நட்சத்திரம் வேறு கிடையாது. இந்த மாதத்தில் மேற்கு வானத்துக் கிரகங்கள் அவ்வளவு தெற்கே, அந்த இடத்துக்கு, இறங்கி வருவதில்லை.

“ஏலே, கையை இறக்கு” என்றேன்.

“என்னட்டி?”

“மணியப் பாரு. இது நட்சத்திரம் இல்ல.”

அவர் மணியைப் பார்த்தார். கல்லூரியில் கணக்கில் என்னைவிட வேகமானவர் அவர். கை இன்னும் பாதி தூக்கியபடியே இருந்தது. விளக்கு வெளிச்சத்தில், திறந்த ஜன்னலில், மூன்று நாளாக நாங்கள் இருவரும் சேர்ந்து நின்று, அந்த மலையில் இருந்தவனுக்கு முகத்தைக் காட்டி, கையையும் ஆட்டியிருக்கிறோம். ஒரு தடவை நிரூபித்துவிட்டோம் என்ற மிதப்பில் அதன் பிறகு மணி பார்க்கவே இல்லை. எழுத்தறியாதவள்கூட ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பாள். படித்தவர்களாகிய நாங்கள்தான் நட்சத்திரம் என்று நம்பித் திறந்து வைத்தோம்.

அவர் கையை நீட்டிச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். சமையலறை இருண்டது.

மலையில் இருந்த வெளிச்சமும் உடனே அணைந்தது.

தொட்டியில் சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். மாற்றுத் துணிப் பை எப்போதும் கட்டிலுக்கு அடியில் தயாராக இருக்கும். எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தோம். கதவைப் பூட்டக்கூட இல்லை. ஓடினால் யாராவது கவனிப்பார்கள் என்று, தோப்பைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். அவர் என் தலையில் ஒரு துண்டைப் போட்டு, குளித்துவிட்டு வந்தவள் மாதிரி ஆக்கினார். தென்காசி பஸ், பிறகு திருநெல்வேலி பஸ். கடையநல்லூர்ப் பக்கம் என் சொந்தக்காரர்கள் அதிகம் என்பதால் அந்த வழியாகப் போகிற வண்டிகளில் ஏறவில்லை.

அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பவே இல்லை. பாத்திரங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்கார அண்ணாச்சிக்குப் போன் செய்தோம். வீட்டுக்குள் யாரும் வந்த மாதிரித் தெரியவில்லை, எல்லாம் அப்படியே இருக்கிறது, ஏன் இப்படிப் போனீர்கள் என்று அவர் வருத்தப்பட்டார்.

இப்போது வெகுதூரத்தில், ஊர் பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில் இருக்கிறோம். அவர் சில சமயம் அந்தப் பேச்சை எடுப்பார். தேன் எடுக்க வந்தவனாக இருக்கும், சாரலில் குளிக்க வந்து மேலே ஏறிய குடிகாரப் பையன்களாக இருக்கும், நாம்தான் பயந்து ஓடிவந்துவிட்டோம் என்பார். நானும் இருக்கும் என்று தலையாட்டுவேன். தேன் எடுக்கிறவன் எங்கள் விளக்கு அணைந்ததும் தன் விளக்கை எதற்காக அணைத்தான் என்று அவரிடம் நான் கேட்பதில்லை. அவரும் அதை யோசித்துத்தான் இருப்பார்.